“ராங் நம்பர்க்கா!”

மதுரையில் வீட்டு மாடியில் ஆரி எம்பிராய்டரி வகுப்பு நடத்துகிறார் அந்த அக்கா. ஆடி மாதம் ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டார். ஒரு நாளைக்கு 500 ரூபாய் என மூன்று நாள். பெயர், போன் நம்பர் கேட்கும் இன்ஸ்டன்ட் ஃபார்மில் 62 பேர் விவரம் குவிந்தது. ஒருவருக்கு 24 ரூபாய்தான் என்று அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

போன் பேச பக்கத்துத் தெரு தங்கச்சி ஒருத்தியை வைத்திருந்தார். ஒரு அட்மிஷனுக்கு இவ்வளவு என்று கமிஷன். இரண்டு நாள் கழித்து அவள் சொன்னது, “பாதி ராங் நம்பர்க்கா!”

“நீ ஒழுங்கா பேசலை” என்று அக்கா கத்திவிட்டார். அவள் பதில் பேசாமல் நோட்டை வைத்துவிட்டுப் போனாள்.

ராத்திரி அக்காவே அந்த நோட்டைப் புரட்டினார். 19 நம்பர் உபயோகத்தில் இல்லை அல்லது ஸ்விட்ச் ஆஃப். 14 பேர் ‘நான் எதுவும் கேட்கலையே’. 21 பேர் எடுக்கவே இல்லை. பேசியது 8 பேர், சேர்ந்தது ஒருவர். ஃபார்ம் வந்த நேரத்தைப் பார்த்தால், விடியற்காலை 2.40-லிருந்து ஐந்தே நிமிடத்தில் 7 ஃபார்ம். அதில் மூன்று வேறு பெயர்களில் ஒரே நம்பர். எந்தப் பெண் அந்த நேரத்தில் ஆரி ஊசி தேடுவாள்?

காரணம் எளிது. ஃபார்மைத் திறந்ததுமே, கணக்கில் எப்போதோ பதிந்த பெயரும் நம்பரும் தானாக நிரம்பிவிடும். இரண்டு தட்டு போதும். கை தவறியவர், பழைய சிம்மைத் தூக்கிப் போட்டவர், போலிக் கணக்கு... எல்லாம் உள்ளே வந்துவிடும். ‘More volume’ வகை ஃபார்ம் என்றால் இன்னும் சுலபம். மலிவாக யார் ஃபார்ம் நிரப்புகிறாரோ அவரையே விளம்பரமும் தேடிப் போகும்.

அடுத்த முறை ‘Higher intent’ வகைக்கு மாற்றினார். அதில் அனுப்பும் முன் விவரத்தைச் சரிபார்க்கும் பக்கம் ஒன்று வரும். நம்பரை ஓ.டி.பி. மூலம் உறுதிசெய்யும் வசதியையும் போட்டார். கூடவே, கையால் டைப் செய்தே ஆக வேண்டிய ஒரு கேள்வி: ‘எந்த ஏரியாவிலிருந்து வருவீங்க?’

வந்ததையும் உடனே போன் போடவில்லை. ஷீட்டில் நம்பர் வரிசைப்படி அடுக்கினார். ஒரே நம்பர் இரண்டு முறை வந்தால் ஒன்று அவுட். +91 போக 10 இலக்கம் இல்லாததும், 6, 7, 8, 9-ல் தொடங்காததும் தள்ளுபடி. மீதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில் ‘காலை பேட்ச்சா, மாலை பேட்ச்சா?’ என்று ஒரு வரி. பதில் வந்தவர்களுக்கே முதல் போன்.

அதே 1,500 ரூபாய்க்கு இந்த முறை 17 பேர்தான். ஒருவருக்கு 88 ரூபாய். அக்காவுக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால், 11 பேர் பேசினார்கள், 4 பேர் சேர்ந்தார்கள். ஓ.டி.பி. எல்லாவற்றையும் தடுக்காது என்பதும் தெரிந்தது. ஒரு வீட்டில் அம்மா போனில் விளையாடிய பையன் ஓ.டி.பி.யையும் சேர்த்தே போட்டு அனுப்பியிருந்தான்!

தங்கச்சி வீட்டுக்கு அக்கா போனபோது கையில் அந்த நோட்டு இருந்தது. 4 அட்மிஷன் கமிஷனோடு, முதல் முறை வீணாய்ப் போன போன்களுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தார். “இனிமே மாசச் சம்பளம்” என்றார். அவள் நோட்டை வாங்கிக்கொண்டு, “அந்தப் பையனோட அம்மாகிட்ட பேசினீங்களாக்கா?” என்று கேட்டாள்.