கேட் பாஸ் போடும் மதிப்பெண்

ஒப்பந்த ஆட்களுக்கு மதிப்பீடு எல்லாம் கிடையாது என்று எங்கள் யார்டில் பலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. மாதக் கடைசியில் காண்ட்ராக்டர் கேட் பாஸ் புதுப்பிக்கப் பட்டியல் கொண்டுவருவார். எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர் அதில் ஒரு பெயரின் மேல் விரலை வைத்து, "இவன் வேண்டாம், வேற ஆள் அனுப்புங்க" என்பார். அதுவும் மதிப்பீடுதான். என்ன அளவுகோல், எந்த வேலையை வைத்து, யார் பார்த்தது என்று எதுவும் எழுதப்படாத மதிப்பீடு. நிரந்தர ஊழியருக்கு மதிப்பெண் குறைந்தால் இன்க்ரிமென்ட் குறையும். இவருக்கு மறுநாள் கேட் திறக்காது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகளில் ஒரு பகுதி ஊருக்கு வெளியே உள்ள சி.எஃப்.எஸ். யார்டுகளுக்கு வரும். சுங்க அனுமதி கிடைத்த பிறகு அங்கே திறந்து சரக்கைப் பிரிப்பார்கள். அந்த இடத்தில் டேலி கிளார்க் இல்லாமல் ஒன்றும் நடக்காது. சீல் எண்ணைச் சரிபார்த்து, கதவு திறந்ததும் மூட்டையோ அட்டைப்பெட்டியோ ஒவ்வொன்றாக எண்ணி, கிழிந்ததையும் நனைந்ததையும் தனியே குறித்து, டேலி ஷீட்டில் கையெழுத்திடுவது அவர் வேலை. எங்களிடம் இந்த வேலையை நிரந்தர ஊழியர் சிலரும், காண்ட்ராக்டர் மூலம் மாலை மட்டும் வருபவர்கள் சிலரும் செய்கிறார்கள். மாலை ஆட்களுக்கும் ஒரு மதிப்பீட்டு முறை வேண்டும் என்று நிர்வாகம் கேட்டபோது, நிரந்தர ஊழியரின் படிவத்தையே பெயர் மாற்றிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு வந்தது.

அந்தப் படிவம் இவர்கள் மேல் என்ன செய்யும் என்பதை ஒரு தம்பியின் கணக்கை வைத்துப் பார்த்தோம். வாரத்தில் மூன்று நாள், மாலை நான்கு முதல் ஒன்பது வரை அவன் வேலை. முதல் வரியே வருகைப்பதிவு: மாதம் 26 வேலைநாளில் எத்தனை நாள் வந்தார்? தம்பி சிரித்துவிட்டான். "அண்ணாச்சி, நீங்க பன்னெண்டு நாள்தான கூப்பிட்டிய. இருபத்தாறுக்கு நான் எங்க போக?"

கூப்பிட்ட 12 நாளைக் கீழே போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். பாதிதான் சரியாகும். நிரந்தர ஊழியர் உடம்பு முடியாமல் ஒரு நாள் வராவிட்டால் அது சம்பளத்தோடு கூடிய விடுப்பு. வருகைப்பதிவில் குறையாகவே நிற்காது. தம்பி வராவிட்டால் அன்றைய கூலி போய்விடும். கூலியையும் பிடித்து, மதிப்பெண்ணையும் பிடித்தால் ஒரு நாளுக்கு இரண்டு அபராதம். வராத நாளை நாங்கள் எண்ணுவதற்குக் காரணம் அன்று பெட்டி திறக்க ஆள் இல்லாமல் போவதுதான். அப்படியென்றால் எண்ண வேண்டியது, ஒப்புக்கொண்ட ஷிப்டுக்குச் சொல்லாமல் வராமல் போன நாள்களை மட்டும். காலையிலேயே போன் போட்டுச் சொல்லிவிட்டால் மாற்று ஆள் கிடைத்துவிடும். அதை எண்ண வேண்டியதில்லை.

பயிற்சிக்கு 10 மதிப்பெண், முன்முயற்சிக்கு 10, நிறுவனப் பற்றுக்கு 10. பயிற்சி வகுப்பு காலை பத்து மணிக்கு, நிரந்தர ஊழியருக்கு மட்டும். தம்பியை யாரும் அழைக்கவில்லை, அழைத்திருந்தாலும் அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. நிறுவனப் பற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவனோடு ஒரு காகிதத்திலும் கையெழுத்திடாத நிறுவனத்தின் மேல் அவன் பற்று வைக்க வேண்டுமாம். முன்முயற்சி என்று படிவம் சொல்வது கமிட்டியில் சேர்வதையும் யோசனை எழுதிக் கொடுப்பதையும். அதற்கெல்லாம் பகல் நேரம் வேண்டும். இந்த மூன்று கட்டங்களிலும் சூப்பர்வைசர்கள் பூஜ்யம் போட்டிருந்தார்கள். மீதி 70-இல் அவன் வாங்கியது 56. நூற்றுக்கு 56 என்று படித்தால் கடைசி வரிசை ஆள். பொருந்தாத கட்டத்தைக் கணக்கிலிருந்தே எடுத்து 70-க்கு 56 என்று படித்தால் நூற்றுக்கு 80. வாய்ப்பே தராத ஒன்றுக்குப் பூஜ்யம் போடாமல் 'பொருந்தாது' என்று எழுத ஒரு இடம் விட்டால், பாதி அநியாயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி வேலை அளவில் இருந்தது. ஒரு மாதத்தில் நிரந்தர கிளார்க் ஒருவர் 208 மணி நேரத்தில் 78 பெட்டி முடித்திருந்தார். தம்பி 60 மணி நேரத்தில் 21. மொத்தத்தை ஒப்பிடுவது அபத்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு பெட்டிக்கு எவ்வளவு நேரம் என்றுதான் பார்த்தார்கள். அவருக்கு 2 மணி 40 நிமிடம், தம்பிக்கு 2 மணி 51 நிமிடம். தம்பி கொஞ்சம் மெதுவு என்று முடிவு கட்டியாகிவிட்டது.

நான் கேட் பதிவையும் ஃபோர்க்லிப்ட் லாக் புத்தகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாலை நான்கு மணிக்கு ஃபோர்க்லிப்ட் ஆட்கள் ஷிப்ட் மாறுவார்கள். மாறி வந்ததும் அன்றைய கப்பலுக்குப் போக வேண்டிய ஏற்றுமதிப் பெட்டிகளுக்குத்தான் வண்டி முதலில் போகும். தம்பி கையில் டேலி ஷீட்டோடு பெட்டி முன்னால் நின்றுகொண்டிருப்பான். அப்படி நின்றது அவனுடைய 60 மணியில் 16. நிரந்தர கிளார்க் நின்றது 208-இல் 28. காத்திருப்பைக் கழித்துப் பார்த்தால் அவருக்குப் பெட்டிக்கு 2 மணி 18 நிமிடம், தம்பிக்கு 2 மணி 6 நிமிடம். மெதுவான ஆள் வேகமான ஆளாகிவிட்டான். முந்திரிக்கொட்டை மூட்டையும் பேலட்டில் கட்டி வந்த சரக்கும் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் வந்த மாதம் அது. இல்லையென்றால் அதையும் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். மூட்டையை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும், பேலட்டை எண்ணுவது அவ்வளவு நேரம் பிடிக்காது.

இதில் எனக்கு ஆத்திரம் வரும் இடம் ஒன்று உண்டு. காத்திருப்பைத் தனியே எழுதுவது துறைமுகத்துக்குப் புதிதே இல்லை. கப்பல் நின்ற நேரத்துக்கு 'ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபேக்ட்ஸ்' என்று ஒரு காகிதம் இருக்கிறது. மழையில் எத்தனை நிமிடம், கிரேன் பழுதில் எத்தனை நிமிடம், லாரி வராமல் எத்தனை நிமிடம் என்று அதில் ஏறும். டெமரேஜ் பணம் அந்தக் காகிதத்தில் தொங்குவதால் இரண்டு தரப்பும் நிமிடத்துக்கு நிமிடம் சண்டை போடும். இரும்புக் கப்பலுக்கு இருக்கும் அந்த மரியாதையை டேலி கிளார்க்குக்குக் கொடுக்க ஷீட்டின் ஓரத்தில் ஒரு பத்தி போதும்: நின்ற நேரம், காரணம், அவ்வளவுதான்.

இந்தக் கடலில் கூலியை அளந்த பழைய முறைகளில் ஒன்று இங்கே ஞாபகம் வருகிறது. மன்னார் வளைகுடாவின் அந்தக் கரையில், இலங்கையின் மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் தூத்துக்குடிப் பரதவர்களும் கீழக்கரை லெப்பைகளும் அங்கே போய் மூழ்கினார்கள். படகு கரைக்கு வந்ததும் சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். இரண்டு அரசுக்கு, ஒன்று மூழ்கியவர்களுக்கு. குவியலைப் பிரிப்பது மூழ்கியவர்கள். எது யாருக்கு என்று சொல்வது அரசு அதிகாரி. எந்தக் குவியல் தங்களுக்கு வரும் என்று தெரியாததால் மூன்றையும் சமமாகப் போடுவதுதான் அவர்களுக்கு லாபம். மூன்றில் ஒன்று நியாயமான பங்கா என்பது வேறு வழக்கு. ஆனால் அளவுகோலில் இரண்டு காரியங்கள் சரியாக இருந்தன. எண்ணியது சிப்பியை, உள்ளே முத்து இருப்பதும் இல்லாததும் மூழ்கியவன் கையில் இல்லை. இரண்டாவது, பிரித்த கை தேர்ந்தெடுக்கவில்லை.

எங்கள் யார்டில் பெட்டியைப் பங்கிடுவதும், யார் நல்ல வேலைக்காரர் என்று சொல்வதும் ஒரே சூப்பர்வைசர்தான். பகலில் எளிய பெட்டிகளை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டு, நனைந்த மூட்டைப் பெட்டியை மாலைக்கு ஒதுக்கிவைத்தால், மாலை ஆள் மெதுவாகத்தான் தெரிவான். அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. மிச்சம் விழுவது மாலைக்கு விழும், அவ்வளவே. பெட்டி ஒதுக்குபவரும் மதிப்பெண் போடுபவரும் வேறு ஆளாக இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். இதற்குத்தான் எதிர்ப்பு அதிகமாக வந்தது.

தவறுகளின் கணக்கு இன்னும் வேடிக்கை. நிரந்தர கிளார்க் 78-இல் இரண்டு தவறு, தம்பி 21-இல் ஒன்று. சதவீதமாக்கினால் 2.6-க்கு 4.8; தம்பி இரு மடங்கு மோசம் போல. அந்த ஒரு தவறு நடக்காமல் போயிருந்தால் அவன் பூஜ்யம், யார்டிலேயே முதல் ஆள். ஒரே ஒரு பெட்டியில் ஒருவன் கடைசியிலிருந்து முதலுக்குப் போகிறான் என்றால் அந்த எண் அவனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரமே வேலை செய்கிறவரின் கணக்கில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அதனால் நூறு பெட்டி சேரும்வரை சதவீதம் போடக்கூடாது. அவன் வேகத்தில் அதற்கு ஐந்து மாதம் ஆகும், ஆகட்டும். அதுவரை ஒவ்வொரு தவறையும் காரணத்தோடு படிக்கலாம். தம்பியின் தவறு சீல் எண்ணின் கடைசி இலக்கத்தில் 3-க்குப் பதில் 8. நேரம் இரவு எட்டரை. இடம், விளக்கு எரியாத மூலை. விளக்கைப் பற்றி அவன் இரண்டு முறை ஷீட்டிலேயே எழுதியிருந்தான்.

இனி யார் கையெழுத்திடுவது? இங்கேதான் வக்கீல் குறுக்கே வந்தார். ஒப்பந்தத் தொழிலாளியை நிறுவனமே நேரடியாக மேற்பார்வையிட்டு மதிப்பிட்டால், ஒப்பந்தம் பெயருக்குத்தான், உண்மையான முதலாளி நிறுவனமே என்று வாதிட அது சாட்சியாகும் என்றார். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2001-இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டதாலேயே தொழிலாளர் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்றது. ஆனால் ஒப்பந்தமே வெறும் போர்வை என்று நிரூபணமானால் அவர்கள் நிறுவனத்தின் ஆட்கள்தான் என்றும் சொன்னது. அதனால் பல இடங்களில் காகிதமே வைப்பதில்லை. விரலை மட்டும் வைக்கிறார்கள்.

எனக்குத் தோன்றிய வழி, கையெழுத்து காண்ட்ராக்டருடையது, தகவல் எங்களுடையது. நின்ற நேரம், முடித்த பெட்டி, காரணத்தோடு தவறுகள் ஆகியவற்றை நாங்கள் அவருக்குத் தர வேண்டும். அவர் மதிப்பெண் போட்டு, தொழிலாளியிடம் காட்டி, அவர் சொல்வதையும் அதே தாளில் எழுதி வாங்க வேண்டும். யாரையாவது வேண்டாம் என்றால் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். ஆனால் வக்கீலிடம் நான் இன்னொன்றையும் கேட்டேன். ஒரே டேலி ஷீட், ஒரே பெட்டி, ஒரே கையெழுத்து. 1971-ஆம் ஆண்டு மத்திய ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளில், நிறுவனத்தின் நேரடி ஆள் செய்யும் அதே வேலையையோ அதுபோன்ற வேலையையோ ஒப்பந்த ஆள் செய்தால் கூலியும் விடுமுறையும் வேலைநேரமும் அதேபோல இருக்க வேண்டும் என்று இருந்ததே, இரண்டு பேரையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட்டு நாமே எழுதி வைத்தால் அது அந்தக் கேள்வியைக் கிளப்பாதா? கிளப்பும் என்றார். கிளப்பட்டும் என்பது என் கட்சி.

காண்ட்ராக்டருக்கு வேறு கவலை. "சார், எழுத்துல குடுத்தா நாளைக்கு அதைக் காட்டியே வேற யார்டுக்குப் போயிருவான்." அந்த விதிகளிலேயே, வேலை முடிந்து போகும் தொழிலாளிக்குக் காண்ட்ராக்டர் பணிச் சான்று தர வேண்டும் என்று இருந்தது. இன்க்ரிமென்ட்டும் பதவி உயர்வும் இல்லாதவருக்கு மதிப்பீட்டால் வேறென்ன கிடைக்கும்? அடுத்த மாதம் கூடுதல் ஷிப்ட், கூலியில் ஒரு படி, கையில் ஒரு சான்று. மூன்றும் இல்லையென்றால் படிவத்தை நிரப்பவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நின்ற நேரத்துக்கான பத்தி ஷீட்டில் ஏறிவிட்டது. பெட்டி ஒதுக்குபவரே மதிப்பெண் போடுவது இன்னும் மாறவில்லை. தம்பிக்கு மணிக்கணக்கில் கூலி என்பதால் அந்த 16 மணி நேரத்துக்கும் காசு கிடைத்தது. பெட்டிக்கு இவ்வளவு என்று பேசி வரும் மற்ற மாலை ஆட்கள் இப்போது அதே பத்தியைக் காட்டி, நின்ற நேரத்துக்கு யார் கொடுப்பது என்று கேட்கிறார்கள். காண்ட்ராக்டர் எங்களைக் கைகாட்டுகிறார், நாங்கள் அவரைக் கைகாட்டுகிறோம்.