ஒகேனக்கல்லும் முதல் கமெண்டும்

போன ஆடி மாசம் இன்ஸ்டாகிராம்ல ஒகேனக்கல் பத்தி ஏழு படம் வச்சு ஒரு கரோசல் போட்டேன். நாலாவது படத்துலயே 'பரிசல் உண்டு'ன்னு பெருசா எழுதித் தொலைச்சிருந்தேன். பத்து நாள்ல கர்நாடகாவுல மழை, அணையில தண்ணிய திறந்துட்டாங்க, பிலிகுண்டுலுவுல நீர்வரத்து எகிறி பரிசலுக்குத் தடை. என் படத்தை நம்பி ஓசூர்ல இருந்து பிள்ளைகுட்டியோட கிளம்பி வந்த நண்பன் ஒருத்தன், மீன் குழம்பு மட்டும் சாப்பிட்டுட்டு திரும்பிப் போனான். போன்ல அவன் பேசினதை இங்க எழுத முடியாது :-)

படத்துக்குள்ள எழுதினதை அப்புறமா மாத்த முடியாதுங்கிறது அப்பத்தான் உறைச்சுது. அதனால மாறக்கூடிய விஷயத்தை எல்லாம் முதல் கமெண்டா நானே எழுதி, பின் பண்ணி வச்சேன். எழுதின கமெண்ட்டை அழுத்திப் பிடிச்சா குண்டூசிப் படம் வரும், அவ்ளோதான் வேலை. பின் பண்ணலேன்னா நாலு பேர் 'சூப்பர்'னு போட்டதும் நம்ம கமெண்ட் எங்கயோ போயிடும்.

முதல் தடவை சொதப்பினேன். மேப் லிங்க்கை கமெண்ட்லயே ஒட்டிட்டேன். இன்ஸ்டாகிராம் கமெண்ட்ல லிங்க் வெறும் எழுத்துதான், தட்டினா திறக்காது. (ஃபேஸ்புக்ல திறக்கும், அந்தப் பழக்க தோஷம்.) இப்ப லிங்க் எல்லாம் பயோவுல. அங்க அஞ்சு வரைக்கும் வைக்கலாம். கமெண்ட்ல 'பயோவுல ரெண்டாவது லிங்க், பஸ் ஸ்டாண்ட் மேப்'னு மட்டும் எழுதுறேன்.

ரெண்டாவது சொதப்பல், எல்லாத்தையும் ஒரே கமெண்ட்ல திணிச்சது. பரிசல் நிலவரம் மாறினதும் அதை அழிச்சுட்டுப் புதுசா போட்டேன். அதுக்குக் கீழ ஜனங்க கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில் எல்லாம் கூடவே போயிடுச்சு. மூணு கமெண்ட் வரைக்கும் பின் பண்ணலாம்ங்கிறதால இப்ப ரெண்டா பிரிச்சுட்டேன். தருமபுரியில இருந்து சுமார் 46 கிலோமீட்டர், பென்னாகரம் வழி, இந்த மாதிரி மாறாத விவரம் ஒண்ணுல. இன்னொண்ணுல ஒரே வரி: 'ஆகஸ்ட் 3 காலை 8 மணி: பரிசல் இல்லை, குளிக்கவும் தடை.' தேதியும் நேரமும் இல்லேன்னா அந்த வரிக்கு அர்த்தமே கிடையாது, 'இன்று'ன்னு எழுதினா எந்த இன்று?

இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. நிறைய பேர் படத்தைத் தள்ளிப் பாத்துட்டு கமெண்ட்டைத் திறக்காமலே போயிடுவாங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்ல அனுப்பினா கமெண்ட் கூடப் போகாது. அதனால இப்பல்லாம் பரிசல் படத்து மேலயே 'கிளம்பும் முன் முதல் கமெண்ட் பாருங்க'ன்னு எழுதிடுறேன்.

நண்பன் இன்னும் ஃபாலோ பண்றான். கமெண்ட் பாக்குறானான்னு கேக்கல.