அம்மாவின் ஆப்பிளும் அரக்குப் பூச்சியும்

புரட்டாசி மாதம் வந்துவிட்டால் எங்கள் காலை நிகழ்ச்சிக்கு வரும் அழைப்புகளில் பாதி சாப்பாட்டைப் பற்றியதாகத்தான் இருக்கும். போன புரட்டாசியில் ஒரு நேயர் நேரலையில் கேட்டார்: "கடையில பளபளன்னு அடுக்கி வச்சிருக்காங்களே ஆப்பிள், அது மேல பூச்சியில இருந்து எடுத்த பசையைத் தடவுறாங்களாமே? நான் சுத்த சைவம்மா. உண்மையா?"

நான் சிரித்தேன். "அது வெறும் மெழுகுதான் அக்கா. நல்லா கழுவிட்டுச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடலைப் போட்டேன்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "காலையில ஒன்னு சொன்னியே பாப்பா, அது சரிதானா?"

அம்மா அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு ஏழு வயதில் கடுமையான காய்ச்சல் வந்து மருத்துவமனையில் கிடந்தேன். பிள்ளை பிழைத்தால் மீன், இறைச்சி, முட்டை மூன்றையும் விட்டுவிடுகிறேன் என்று அம்மா பத்துமலை முருகனிடம் வேண்டிக்கொண்டார். 27 ஆண்டுகளாக அந்த வாக்கைக் காப்பாற்றி வருகிறார். வெள்ளிக்கிழமை தோறும் சாமி மேடையில் வைக்கும் தட்டில் வாழைப்பழத்தோடு இரண்டு சிவப்பு ஆப்பிளும் இருக்கும். எனக்காக எடுத்த விரதம் அது. அதைப் பற்றிய கேள்விக்குத்தான் நான் யோசிக்காமல் பதில் சொல்லியிருந்தேன்.

அன்றிரவு உட்கார்ந்து தேடிப் படித்தேன். நேரலையில் நான் சொன்ன இரண்டுமே தவறு. அது வெறும் மெழுகு என்று சொல்லிவிட முடியாது. கழுவினாலும் போகாது.

ஆப்பிளுக்கு இயற்கையிலேயே ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. பழத்தைப் பறித்துப் பெட்டியில் அடுக்கும் இடத்தில் அழுக்குப் போகக் கழுவும்போது அதில் ஒரு பகுதி போய்விடும். பிறகு பழம் வாடாமல் இருக்கவும் மினுமினுக்கவும் மெல்லிய பூச்சு ஒன்று கொடுக்கிறார்கள். ஒரு பழத்துக்கு ஒன்றிரண்டு சொட்டுதான். அதற்கு இரண்டு பொருள்கள் அதிகம் பயன்படுகின்றன. ஒன்று கார்னோபா, பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையில் இருந்து எடுக்கும் மெழுகு. இது முழுக்கத் தாவரம். மற்றொன்று ஷெல்லாக். நேயர் கேட்ட பூச்சிப் பசை இதுதான். நமக்கு இது புதிய பொருளே அல்ல. தமிழில் இதற்கு அரக்கு என்று பெயர்.

அம்மாவிடம் சொன்னதும் அவர் கேட்டது இது: "பாண்டவங்களை உள்ள வச்சுக் கொளுத்தப் பார்த்தாங்களே, அந்த அரக்கு மாளிகை அரக்கா?"

அதேதான். கடிதங்களுக்கு முத்திரை வைத்த அரக்கும் அதுதான். வானொலிக்காரி என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கைதவறி விழுந்தால் கண்ணாடி போல் உடையும் பழைய 78 சுற்று இசைத்தட்டுகள் இந்த அரக்கோடு கல்தூளைக் கலந்து வார்த்தவை. நம் தாத்தா பாட்டி அரக்கில்தான் பாட்டுக் கேட்டார்கள்.

அரக்குப் பூச்சி மிகச் சிறியது. இந்தியாவில் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், மேற்கு வங்காளம் போன்ற பகுதிகளில் புரச மரத்திலும் இலந்தை மரத்திலும் இதை வளர்க்கிறார்கள். முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் இளங்கிளையில் நெருக்கமாக ஒட்டிக்கொண்டு, ஊசி போன்ற வாயைப் பட்டைக்குள் செருகிச் சாற்றை உறிஞ்சும். தன்னைக் காத்துக்கொள்ள உடலிலிருந்து ஒரு பிசினைச் சுரந்து மேலே போர்த்திக்கொள்ளும். பக்கத்துப் பூச்சிகளின் பிசினும் சேர்ந்து கிளை முழுக்கக் கெட்டியான ஓடாகிவிடும். பெண் பூச்சி ஒட்டிய இடத்தை விட்டு நகர்வதே இல்லை. அந்த ஓட்டுக்குள்ளேயே வளர்ந்து, முட்டையிட்டு, அங்கேயே இறந்துவிடும்.

அந்தக் கிளைகளை வெட்டி, ஓட்டைச் சுரண்டி, நொறுக்கி, தண்ணீரில் அலசுவார்கள். அப்போது நல்ல சிவப்புச் சாயம் இறங்கும். ஒரு காலத்தில் துணிக்குச் சாயம் போட அதைப் பயன்படுத்தினார்கள். பிறகு அரக்கை உருக்கித் துணிப்பையில் வடிகட்டி, மெல்லிய தகடாக இழுத்து, செதில்களாக உடைப்பார்கள். செதில் வடிவில் இருப்பதால்தான் ஆங்கிலத்தில் ஷெல்லாக் என்ற பெயர். உணவுக்குப் போவதை வெளுத்து, சுத்தம் செய்து, கரைசலாக்கிப் பழத்தின் மீதும் மிட்டாயின் மீதும் தெளிக்கிறார்கள். ஒரு கிலோ அரக்குக்கு ஏறக்குறைய 3 லட்சம் பூச்சிகள் என்று பொதுவாக ஒரு கணக்குச் சொல்வார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பூச்சி சாகுதா?"

சரியான கேள்வி. ஏனென்றால் "அது பூச்சியின் சுரப்புதானே, பால் மாதிரிதானே" என்று வாதிடுபவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை. வடிகட்டிச் சுத்தம் செய்த ஷெல்லாக்கில் பூச்சியின் உடல் இருக்காது. அது இறைச்சியும் அல்ல. குஞ்சுகள் வெளியேறி, தாய்ப்பூச்சிகள் தாமாகவே இறந்த பிறகு வெட்டிய கிளை என்றால் பெரிய பாவமில்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் எல்லா அறுவடையும் அப்படி நடப்பதில்லை. குஞ்சுகள் வெளிவரும் முன்பே கிளையை வெட்டுவதும் வழக்கத்தில் இருக்கிறது. அப்போது உள்ளே இருக்கும் பூச்சிகள் அரக்கோடு நொறுங்கும். அலசும்போது இறங்கும் அந்தச் சிவப்பே பூச்சியின் உடலில் இருந்து வருவதுதான். கடையில் வாங்கும் மிட்டாயைப் பார்த்து எந்த வகை அறுவடை என்று கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

"சாகுது மா" என்றேன். அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, எதுலெல்லாம் இருக்குன்னு எப்படிப் பார்க்கிறது?" என்றார்.

மறுநாள் வீட்டில் இருந்த பொட்டலங்களை எல்லாம் மேசையில் பரப்பினோம். மிட்டாய்தான் சுலபம். ஷெல்லாக்குக்கு எண் 904. ஆங்கில எழுத்தோடு சேர்த்து 'ஈ 904' என்றும் அச்சிடுவார்கள். (தமிழில் படித்தால் பூச்சியின் பெயர் மாதிரியே இருக்கிறது என்று அம்மா சிரித்தார்.) சில பொட்டலங்களில் எண்ணுக்குப் பதிலாக ஷெல்லாக், கன்ஃபெக்ஷனர்ஸ் கிளேஸ், ரெசினஸ் கிளேஸ் என்ற பெயர்களில் ஒன்று இருக்கும். மூன்றும் ஒன்றுதான். பக்கத்து எண்களையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 903 கார்னோபா, பனை மெழுகு. 901 தேன்மெழுகு.

எங்கள் மேசையில் இருந்த சாக்லெட் பூசிய வேர்க்கடலையில் 904 இருந்தது. உருண்டையான ஜெல்லி மிட்டாயில் 901, 903, 904 மூன்றும் இருந்தன. இன்னொரு பொட்டலத்தில் பெயரோ எண்ணோ இல்லாமல் 'மெருகூட்டும் பொருள்' என்று மட்டும் போட்டிருந்தது. அதைச் சந்தேகப் பட்டியலில் வைத்தோம்.

எங்களை ஏமாற்றியது இந்தியாவிலிருந்து வரும் பொட்டலங்களின் பச்சைப் புள்ளி. அதைப் பார்த்துவிட்டால் நம்மில் பலர் பின்பக்கத்தைத் திருப்புவதே இல்லை. ஆனால் இந்திய உணவு விதிகள் எது அசைவம் என்று வரையறுக்கும்போதே பால், தேன், தேன்மெழுகு ஆகியவற்றோடு ஷெல்லாக்கையும் விலக்கி வைத்திருக்கின்றன. அதனால் ஷெல்லாக் பூசிய மிட்டாயில் பச்சைப் புள்ளி இருந்தால் அது சட்டப்படி சரிதான். விலங்கிலிருந்து வந்த எதுவுமே வேண்டாம் என்பவர்கள் பச்சைப் புள்ளியை விட்டுவிட்டு, வீகன் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பழம்தான் சிக்கல். ஒவ்வொரு ஆப்பிளிலும் எண் ஒட்டியிருக்காது. நான் வழக்கமாக வாங்கும் பழக்கடை அண்ணனிடம், "அண்ணே, ஆப்பிள் வந்த பெட்டியைப் பார்க்கலாமா?" என்றேன். "எதுக்கு தங்கச்சி, வீடு மாத்துறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே காலிப் பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அமெரிக்க ஆப்பிள் பெட்டி. பக்கவாட்டில் சிறிய எழுத்தில், தாவர மெழுகு 'மற்றும் அல்லது' ஷெல்லாக் பூசப்பட்டது என்று ஆங்கிலத்தில் இருந்தது. அந்த 'மற்றும் அல்லது' என்ற சொல்லால் எந்தப் பழத்தில் எது என்று தெரியாமல் போய்விடுகிறது. அம்மா கணக்கில் அது 'இருக்கு' என்றே அர்த்தம்.

நகத்தால் சுரண்டிப் பார்த்துப் பயனில்லை. ஆப்பிளின் சொந்த மெழுகும் வெள்ளையாகத்தான் வரும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பழம் வியர்த்த பிறகு தோலில் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்தால், ஷெல்லாக் என்று சந்தேகப்படலாம். ஈரம் பட்டால் வெளுப்பது அதன் குணம். ஆனால் வெளுக்கவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. அரக்கு தண்ணீரில் கரையாது, அதனால் எவ்வளவு கழுவினாலும் போகாது. தோலைச் சீவினால் பூச்சு தோலோடு போய்விடும். உறுதியான வழி அது ஒன்றுதான்.

இன்னொரு இடத்திலும் அரக்கு இருக்கிறது. வயிற்று அமிலத்தைத் தாங்கும் என்பதால் சில மாத்திரைகளுக்கும் அதைப் பூசுகிறார்கள். இதைச் சொல்லத் தயங்கினேன். அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு. அவர் பதில் உடனே வந்தது: "மருந்துக்கெல்லாம் முருகன் கணக்குப் பார்க்க மாட்டார்." நானும் மருந்தாளரிடம் கேட்டேன். அம்மாவின் மாத்திரையில் அது இல்லை.

கடைசியில் அம்மா தனக்கென ஒரு கோடு போட்டுக்கொண்டார். சாமி தட்டில் இப்போது ஆப்பிள் இல்லை. சீவிய பழத்தைப் படைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை, அதனால் வாழைப்பழமும் கொய்யாவும். தான் சாப்பிடும் ஆப்பிளைத் தோல் சீவிச் சாப்பிடுகிறார். 904 போட்ட மிட்டாயை வாங்குவதில்லை. தேன் மட்டும் தொடர்கிறது. "அதைப் பழனியிலேயே பஞ்சாமிர்தத்துல போடுறாங்க" என்பது அவர் நியாயம். உங்கள் வீட்டில் கோடு வேறு இடத்தில் விழலாம்.

அடுத்த வாரம் அதே நேரத்தில் நேரலையில் நான் தவறாகச் சொன்னதைத் திருத்தினேன். பாட்டு முடிவதற்குள் அந்த நேயர் அழைத்துவிட்டார். "நீங்க சிரிச்சதும் எனக்கே கூச்சமா போச்சும்மா. ஆனா நான் அன்னைக்கே ஆப்பிளை நிறுத்திட்டேன்" என்றார். தோல் சீவிச் சாப்பிடலாம் என்று சொன்னேன். "அப்போ பரவாயில்ல, இன்னைக்கே வாங்குறேன்" என்றார்.