கடன் முடியும் வருசம்

போன மார்கழியில் ஒரு ஞாயிறு இரவு, கிழக்கு லண்டனில் நானும் இன்னொரு பிள்ளையும் பகிர்ந்திருக்கிற அறையில் இருந்துகொண்டு, என் படிப்புக்கடன் எந்த வருசம் முடியும் எண்டு கணக்குப் பார்த்தேன். நெடுந்தீவில் இருந்து அம்மா ஒவ்வொரு கிழமையும் கேட்கிற ஒரே கேள்வி அதுதான். எங்கள் காணி உறுதி வங்கியில் இருக்கிறது. பவளக்கல் மதிலோடு சேர்த்துத்தான்.

கடன் 30 லட்சம் ரூபாய். வருசத்துக்கு 14 வீத வட்டி. முதல் தவணை 2026 தையில் தொடங்கும்.

வரவு எனக்குத் தெரிந்ததுதான். மாணவ விசாவில் படிப்புக்காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். ஒரு கிழமை 15, அடுத்த கிழமை 25 எண்டு செய்து சராசரி காட்ட ஏலாது. திங்கள் முதல் ஞாயிறு வரை ஒவ்வொரு கிழமையும் தனித்தனியாகத்தான் எண்ணப்படும். மாஸ்டர்ஸ் படிக்கிறவர்களுக்கு ஆய்வுக்கட்டுரை எழுதுகிற கோடையும் படிப்புக்காலம்தான். ஆனால் கடையில் எனக்கு உண்மையில் கிடைப்பது 17 மணித்தியாலம். ஒரு மணித்தியாலத்துக்கு 12.21 பவுண், அப்போதைய குறைந்தபட்சச் சம்பளம். நான்கு கிழமைக்கு 830 பவுண். வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, போன் எல்லாம் சேர்ந்து 690. மிச்சம் 140. பவுணுக்கு 400 ரூபாய் எண்டு வைத்தால் மாதம் 56,000 ரூபாய். நான்கு கிழமையை ஒரு மாதம் எண்டு எடுத்தேன். வருசத்தில் மிஞ்சுகிற கிழமைகள் காய்ச்சல் வருகிற நாட்களுக்கு.

30 லட்சத்தை 56,000ஆல் பிரித்தேன். 54 மாதம். 2030 ஆனியில் முடியும். உடனே அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். தம்பி ஏ.எல். எடுக்கிறதுக்கு முன்னம் உறுதி வீட்டுக்கு வந்திடும் எண்டு அவ சந்தோசப்பட்டா.

அப்பா போனை வாங்கினார். கடலுக்குப் போகிறவர், சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கி வாங்கியே கணக்குப் படித்தவர். "பிள்ளை, வட்டியை எங்க வச்சனி?" எண்டு மட்டும் கேட்டார்.

வைக்கவே இல்லை.

30 லட்சத்துக்கு முதல் மாத வட்டியே 35,000. நான் கட்டுகிற 56,000இல் அது போக 21,000தான் முதலில் குறையும். அடுத்த மாதம் மிச்சக் கடன் 29,79,000. அதற்கு வட்டி 34,755, முதலில் குறைவது 21,245. இப்படி வட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய, முதலுக்குப் போவது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். இதைக் கையால் கடைசி வரை எழுதத் தேவையில்லை. எக்செலில் ஒரு வரி போதும்:

```
=NPER(14%/12,-56000,3000000)
```

விடை 84.56. அதாவது 85 தவணைகள். 2030 இல்லை, 2033 தை. இரண்டரை வருசம் ஒரு பிரித்தலில் காணாமல் போயிருந்தது.

அந்த இரவில் என்னை நித்திரை கொள்ள விடாதது இன்னொரு எண். மாதம் 87.50 பவுண் மட்டும் அனுப்பினால் அது சரியாக 35,000 ரூபாய். வட்டி மட்டும்தான் அடையும். பத்து வருசம் கட்டினாலும் 30 லட்சம் அப்படியே நிற்கும். எனக்கு மிஞ்சுகிற 140 பவுணுக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையில் இருப்பது 52.50 பவுண்தான். கடனைக் குறைப்பது அந்த 52.50 மட்டும்.

அதனால்தான் சின்னக் காசும் பெரிதாக வேலை செய்கிறது. மாதம் 20 பவுண் கூட அனுப்பினால் அது முழுக்க முதலுக்கே போகும். எக்செலில் 64,000 எண்டு மாற்றினேன். 69 தவணைகள், 2031 புரட்டாதி. பதினாறு மாதம் மிச்சம். 20 பவுண் எண்டால் மாதத்துக்கு இரண்டு மணித்தியால வேலைகூட இல்லை. மறுபக்கமும் அப்படித்தான். ரூபாய் பலமாகி பவுண் 380க்கு வந்தால், அதே 140 பவுணுக்கு 93 தவணைகள்.

படிப்பு ஒரு வருசம்தான், பிறகு முழுநேர வேலை கிடைக்கலாமே எண்டு சிநேகிதி சொன்னாள். கிடைக்கலாம். ஆனால் கையில் இல்லாத சம்பளத்தை வைத்து வருசம் சொன்னால் முதல் செய்த பிழையைத்தான் திரும்பச் செய்வேன். கிடைத்தால் எண்ணை மாற்றிப் போடலாம்.

அடுத்த நாள் இப்ப ட்யூப்பை விட்டு பஸ்ஸில் போகத் தொடங்கினேன். முக்கால் மணித்தியாலம் கூட எடுக்கும்.

அம்மாவுக்கு உண்மையைச் சொல்ல மூன்று நாள் எடுத்தது. காத்துக் கடுமையாம், குமுதினி ஓடேல்லையாம், அப்பாவும் வீட்டிலதான். "2031 புரட்டாதி அம்மா, நான் 20 பவுண் கூட அனுப்பினால்" எண்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "தம்பி கம்பசுக்குப் போற வருசமெண்டு நினைச்சுக்கொள்ளுறன்" எண்டா.

பின்னால் அப்பாவின் குரல் கேட்டது: "இப்பதான் கணக்குச் சரி."