பாலுக்குத் தெரிந்த வித்தியாசம்

வெல்லமும் சீனியும் ஒன்றுதானா என்று யாராவது கேட்டால், பாலைக் கேளுங்கள் என்பேன். கொதிக்கிற பாலில் சீனியைக் கொட்டினால் அது சத்தமில்லாமல் கரைந்துபோகும். வெல்லத்தைப் போட்டால் பல சமயம் பால் திரிந்துவிடும்.

என் பெரியம்மா வெல்லப் பாயசம் வைக்கும்போது யாரையும் அடுப்படிக்குள் விடமாட்டாள். வெல்லத்தைக் கரைத்து, மண்போக வடிகட்டி, பருப்போடு கொதிக்கவிட்டு இறக்குவாள். அது ஆறுகிறவரை பால் செம்பு எட்டவே இருக்கும். "அவசரப்பட்டா தயிராயிடும்டா" என்பாள். தேங்காய்ப்பால் என்றால் இந்தக் கெடுபிடி இல்லை. வெல்லத்தில் இருக்கும் லேசான புளிப்பும் உப்புகளும் சேர்ந்து, சூட்டில் பாலின் புரதத்தைத் திரட்டிவிடுகின்றன என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

ஆலையில் கரும்புச் சாற்றைப் படிகமாக்கி, கழிவுப்பாகைச் சுழற்றிப் பிரித்துவிடுகிறார்கள். அதனால் சீனி ஏறக்குறைய முழுக்கச் சுக்ரோஸ்தான். வெல்லக் கொட்டகையில் பாகைப் பிரிப்பதில்லை. சுண்ணாம்பு சேர்த்து, அழுக்கை மொண்டெடுத்து, மிச்சத்தை அப்படியே வற்றக் காய்ச்சி அச்சில் ஊற்றுகிறார்கள். அதிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். கூடவே கொஞ்சம் குளுக்கோஸ், பிரக்டோஸ், ஈரம், நூற்றுக்கு ஒன்றோ சற்றுக் கூடவோ தாது உப்புகள். ஐப்பசி மழையில் மண்டை வெல்லம் கசிவதற்குக் காரணம் அந்தக் குளுக்கோஸும் பிரக்டோஸும்தான். அவை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

தாது உப்பு என்றதும் இரும்புச்சத்துப் புராணம் தொடங்கிவிடும். நூறு கிராம் வெல்லத்தில் இரும்பு மூன்று மில்லிகிராமுக்கும் குறைவு என்கிறது ஒரு அட்டவணை; பதினொன்றுக்கு மேல் என்கிறது இன்னொன்று. மண்ணும் காய்ச்சிய கொப்பரையும் மாறினால் கணக்கும் மாறும். தாராளமாகப் பதினொன்று என்றே வையுங்கள். காப்பிக்குப் போடும் 10 கிராமில் ஒரு மில்லிகிராம்தான் தேறும். ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைப்பது 29. அந்த ஒன்றிலும் உடம்பில் சேர்வது சிறுபங்கு. காப்பியே அதைத் தடுக்கவும் செய்யும். அந்தப் பத்து கிராமில் பெரும்பங்கு சர்க்கரை. ரத்தத்தில் அது சீனியைப் போலவேதான் ஏறும். "எனக்குச் சுகர், அதனால் வெல்லம்" என்று கூடுதலாக ஒரு கரண்டி போட்டுக்கொள்கிறவர்களிடம் நான் வாய் திறப்பதில்லை. எனக்கும் உறவுகள் வேண்டுமே.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆலையில் கந்தகப் புகை காட்டுகிறார்கள் என்று சீனியை ஒதுக்குகிறவர்கள், கடையில் தேடிப்பிடித்து வாங்குவது பொன்மஞ்சள் வெல்லத்தை. அந்தப் பளபளப்புக்குக் கொட்டகையில் பல இடங்களில் போடுவது ஹைட்ரோஸ். அதுவும் கந்தகச் சரக்குதான். கொஞ்ச நாள் வைத்திருந்தால் நிறம் மறுபடி கறுக்கத் தொடங்கிவிடும்.

என் கட்சி இதுதான்: அதிரசத்துக்கும் பொங்கலுக்கும் கறுத்த வெல்லம் வாங்குங்கள். அந்த மணத்தையும் பழுப்பையும் சீனி தராது. ருசிக்காக என்று சொல்லியே வாங்குங்கள். மருந்துக்கடைக் காரணம் எதற்கு?