1.10 என்ற கோடு

"பேக்டெஸ்ட்" என்ற சொல்லை 2007-ல்தான் முதன்முதலாகக் கேட்டேன். பணி ஓய்வு பெற்று ஓராண்டு ஆகியிருந்தது. திருப்பூரில் நண்பர் ஒருவரின் பனியன் கம்பெனிக்கு வாரம் இரண்டு நாள் போவேன். பிரான்சிலிருந்து வரும் பையர்களின் கடிதங்களைப் படித்துச் சொல்லி, பதில் எழுதிக் கொடுப்பது வேலை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தது, அரசு குமாஸ்தாவாக இருந்த காலமெல்லாம் பயன்படாமல், அங்கே பயன்பட்டது.

அந்த ஆண்டு ஏற்றுமதியாளர்களுக்கு நல்ல ஆண்டு அல்ல. தொடக்கத்தில் 44 ரூபாயாக இருந்த டாலர் இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் 40-க்கும் கீழே போனது. சட்டையின் விலையை டாலரில் பேசி முடித்த பிறகு ரூபாய் ஏறினால், நூலுக்கும் சாயத்துக்கும் கூலிக்கும் கொடுத்தது போக மிஞ்சுவது ஒன்றுமில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு வங்கியிலிருந்து அந்தப் பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். மரியாதையான பிள்ளை. மடிக்கணினியில் ஒரு நீண்ட அட்டவணை வைத்திருந்தான்.

"ஏனுங்க தம்பி, நமக்கு டாலர்தான வருது. இதுல சுவிஸ் ஃபிராங்க் எங்கிருந்துங்க வந்துச்சு?" என்றார் நண்பர்.

கேட்க வேண்டிய கேள்விதான். திருப்பூர் சட்டைக்கு யாரும் ஃபிராங்கில் பணம் தருவதில்லை. பையன் சொன்ன பதில்: "ரூபாயில போன நஷ்டத்த இதுல ஈடு கட்டிக்கலாங்க சார்."

ஒப்பந்தம் என்னவென்று சொல்கிறேன். கணக்குப் புரிவதற்காக எண்களைச் சற்று உருட்டித் தருகிறேன். அப்போது ஒரு டாலருக்கு ஏறக்குறைய 1.22 ஃபிராங்க். ஓராண்டுக்குள் அது 1.10-ஐத் தொடாமல் இருந்தால் வங்கி கம்பெனிக்கு 50 ஆயிரம் டாலர் கொடுக்கும். ஒரே ஒரு முறை தொட்டுவிட்டாலும், ஆண்டு முடிவில் கம்பெனி 20 லட்சம் டாலரை, டாலர் 1.30 ஃபிராங்க் என்ற விலையில் வாங்கியே தீர வேண்டும். அன்றைய சந்தை விலை எதுவாக இருந்தாலும் சரி.

தொடுமா என்பதற்குத்தான் அந்த அட்டவணை. டாலருக்கு நிலையான விலை போய் மிதக்க ஆரம்பித்த எழுபதுகளிலிருந்து ஒவ்வொரு நாளின் முடிவு விலையும் அதில் இருந்தது. ஒவ்வொரு நாளும் இந்த ஒப்பந்தத்தைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணினி ஒத்திகை பார்த்திருந்தது. எல்லா வரியிலும் "தொடவில்லை". ஆக அடிமட்டம் 1995 ஏப்ரலில். அப்போதும் 1.11-ஐ ஒட்டி வந்து திரும்பிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல், ஆயிரக்கணக்கான நாட்கள், தோல்வி பூஜ்யம். பையன் பொய் சொல்லவில்லை. அவன் கண்ணில் இருந்த நம்பிக்கையும் பொய் இல்லை. அதுதான் எங்களைக் கவர்ந்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் அட்டவணையிடம் கேட்ட கேள்வியே கோணல். "டாலர் எப்போதாவது 1.10-ஐத் தொட்டதா?" என்று கேட்டால் 1985-ம் ஆண்டின் வரிகளெல்லாம் நமக்குச் சாதகமாகப் பேசும். ஏனென்றால் அன்று டாலர் மூன்று ஃபிராங்கை நெருங்கி நின்றது. அங்கிருந்து ஓராண்டில் 1.10-க்கு வர முடியுமா? முடியாதுதான். அந்த வரிகளை வெற்றி என்று எண்ணியதால்தான் நூற்றுக்கு நூறு வந்தது. கேட்டிருக்க வேண்டியது வேறு: 1.22-லிருந்து 1.10 என்பது ஏறக்குறைய பத்து சதவீத இறக்கம். ஓராண்டில் டாலர் பத்து சதவீதம் இறங்கியது எத்தனை முறை?

அப்படிக் கேட்டால் அதே அட்டவணை வேறு கதை சொல்லும். 1985 தொடக்கத்தில் மூன்றை ஒட்டி இருந்தது 1987 முடிவில் 1.30-க்கு அருகில் வந்து நின்றது. 2002 என்ற ஒரே ஆண்டில் 1.66-லிருந்து 1.38-க்கு வந்தது. எழுபதுகளைச் சொல்லவே வேண்டாம். நான்குக்கு மேலிருந்து ஒன்றரைக்கு வந்த காலம் அது. பத்து சதவீதம் என்பது அந்த ஜோடிக்குப் புதிதே அல்ல.

இன்னொன்றும் உண்டு. அட்டவணையில் இருந்தது நாள் முடிவு விலை. ஒப்பந்தத்தில் இருந்ததோ "எந்த நேரத்திலும்". அந்நியச் செலாவணிச் சந்தை திங்கள் காலையிலிருந்து வெள்ளி இரவு வரை, நியூயார்க் நேரம்வரை, மூடுவதே இல்லை. திருப்பூர் தூங்கும்போது ஒரு நிமிடம் தொட்டுவிட்டுத் திரும்பினாலும் தொட்டதுதான்.

பிரெஞ்சில் "ஜாமே" என்று ஒரு சொல் உண்டு. "ஒருபோதும் இல்லை" என்பதற்கும் அதுதான், "எப்போதாவது" என்பதற்கும் அதுதான். பையன் பேச்சில் முதல் பொருள். ஒப்பந்தத் தாளில் இரண்டாம் பொருள்.

தொட்டது 2007 நவம்பர் பிற்பகுதியில். அமெரிக்க வீட்டுக் கடன் சிக்கல் முற்றி, பயந்த பணமெல்லாம் சுவிட்சர்லாந்துக்கு ஓடியது. 2008 மார்ச்சில் டாலர் ஒரு ஃபிராங்குக்கும் கீழே போனது. பையன் நவம்பரில் ஒருநாள் வந்தான். "திரும்பிடும் சார்" என்றான். அட்டவணையைத் திறக்கவில்லை.

நண்பரின் ஒப்பந்தம் முடிந்த நாளில் சந்தை விலை 1.04 என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 லட்சம் டாலருக்கு 1.30 வீதம் கொடுக்க வேண்டியது 26 லட்சம் ஃபிராங்க். சந்தையில் அந்த டாலரின் மதிப்பு 20 லட்சத்து 80 ஆயிரம் ஃபிராங்க். வித்தியாசம் 5 லட்சத்து 20 ஆயிரம் ஃபிராங்க், அதாவது 5 லட்சம் டாலர். டாலர் 42 ரூபாய் என்றால் 2 கோடியே 10 லட்சம் ரூபாய். ஜெயித்திருந்தால் கிடைத்திருக்கும் 50 ஆயிரம் டாலர் 21 லட்சம் ரூபாய். ஒன்றுக்குப் பத்து. ஒத்திகையில் தோல்வியே இல்லை என்பதால், தோற்றால் எவ்வளவு என்ற கட்டத்தை யாரும் நிரப்பவில்லை.

அதுவும் முடிவு நாள் வரை காத்திருக்கவில்லை. விலை இறங்க இறங்க, "இன்றைய மதிப்பில் உங்கள் நஷ்டம் இவ்வளவு, ஈடு கொடுங்கள்" என்று வங்கி கேட்டது. பேக்கிங் கிரெடிட் வரம்பிலேயே பிடித்தார்கள். நூல் வாங்கப் பணம் இல்லாமல் கையில் இருந்த ஆர்டர் தாமதமானது. கடைசியில் நண்பர் நிட்டிங் மெஷின் நான்கை விற்றார். அவற்றில் வேலை பார்த்த பிள்ளைகள் வேறு கம்பெனிக்குப் போனார்கள்.

அவர் ஒருவர் மட்டுமல்ல. திருப்பூரில் இதில் மாட்டியவர்கள் சேர்ந்து ஒரு மன்றமே அமைத்தார்கள். இது சூதாட்டம், செல்லாது என்று கோவையின் ராஜஸ்ரீ சுகர்ஸ் நிறுவனம் ஆக்சிஸ் வங்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 2008 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாடிக்கையாளருக்குப் பொருத்தமானதா என்று பார்த்து விற்க வேண்டும் என 2007 ஏப்ரலிலேயே ரிசர்வ் வங்கி விதி எழுதியிருந்தது. 2011 ஏப்ரலில் இத்தகைய விதிமீறல்களுக்காக 19 வங்கிகளுக்கு அபராதம் போட்டது. ஒரு வங்கிக்கு 5 முதல் 15 லட்சம் ரூபாய். நண்பர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "நாலு மெஷினுல ஒண்ணு கூட வராதுங்க" என்றார்.

பையன் சொன்னதும் ஒருவகையில் நடந்தது. 2008 நவம்பரில் டாலர் மறுபடி 1.20 ஃபிராங்கைத் தாண்டியது. அதற்குள் ஒப்பந்தம் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பையனும் வேறு வங்கிக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன்.