கூண்டிலிருந்து ஒரு கேள்வி

மேல்முறையீட்டுக்காக என்னிடம் வந்த கட்டில் குறுக்கு விசாரணை ஒன்றரைப் பக்கம்தான் இருந்தது. அதன் நடுவில் இப்படி ஒரு வரி: "எதிரி என்னிடம் வாங்கிய பணத்தை வட்டியுடன் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று சொன்னால் சரியல்ல." அதைப் படித்ததும் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கும் என்பது தெரிந்துவிட்டது. வழக்கு தோற்றது அந்த வரியில்தான். அந்த வரிக்குக் காரணமான கேள்வியைக் கேட்டவர் எதிரியேதான். அவருக்கு வக்கீல் இல்லை, தன் வழக்கைத் தானே நடத்தினார்.

கொங்குப் பக்கத்து ஊர் ஒன்றில் லேத் பட்டறை வைத்திருப்பவர் அவர். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன். 2013இல் ஒரு பைனான்ஸ்காரரிடம் 60,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். அப்போது கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு காசோலைகளை ஈடாகக் கொடுத்தார். வாராவாரம் கட்டி முடித்தார். கட்டிய ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு சிறு நோட்டில் பைனான்ஸ்காரரின் சுருக்கெழுத்து இருந்தது. காசோலைகள் மட்டும் திரும்பி வரவில்லை. 2016இல் அதில் ஒன்று 3,50,000 ரூபாய்க்கு நிரப்பப்பட்டு, வங்கியில் திரும்பி, செலாவணி முறிச் சட்டம் 138ஆம் பிரிவில் வழக்கானது. வழக்குப் போட்டவர் பைனான்ஸ்காரர் அல்ல, அவர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் ஒருவர். தன் கையிலிருந்து ரொக்கமாகக் கடன் கொடுத்ததாக அவர் சொன்னார்.

பட்டறைக்காரர் வக்கீல் வைக்காததற்குக் காரணம் கஞ்சத்தனம் அல்ல. "உண்மை என் பக்கம் இருக்குதுங்க, அதைச் சொல்றதுக்கு எதுக்குங்க இன்னொருத்தர்?" என்று என்னிடம் பிறகு சொன்னார். சட்டமும் அவரைத் தடுக்கவில்லை. விரும்பிய வக்கீலை வைத்துக்கொள்வது எதிரியின் உரிமைதான், ஆனால் வைத்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலை நியமிக்கட்டுமா என்று நடுவர் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று இவர் எழுதிக் கொடுத்தது கட்டிலேயே இருக்கிறது. தானே வழக்கை நடத்துபவர் மனுப் போடலாம், ஆவணங்களின் நகல் கேட்கலாம், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம், தன் தரப்பில் சாட்சி அழைக்கலாம், வாதாடலாம், எழுத்து வாதமும் கொடுக்கலாம். தனக்குப் பதில் மைத்துனரைப் பேசவைக்க மட்டும் முடியாது. அதற்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், அது லேசில் கிடைக்காது. தனக்காகத் தான் பேசுவது உரிமை, மற்றவருக்காகப் பேசுவது சலுகை என்ற நிலையை உச்ச நீதிமன்றம் 1978இலேயே ஹரிசங்கர் ரஸ்தோகி வழக்கில் தெளிவாக்கிவிட்டது.

முதல் அடி விழுந்தது வழக்கின் சாரத்தில் அல்ல, ஒரு வாய்தாவில். அன்று அவருக்குக் கடும் காய்ச்சல். மனைவி மருத்துவச் சான்றிதழோடு போய் நின்றார். மாலையில் பிணையில் விட முடியாத பிடியாணை பிறந்தது. அந்த அம்மாவுக்கு இன்றும் ஆறவில்லை. வக்கீல் வைத்த எதிரி வராவிட்டால், அவர் வக்கீல் காலையிலேயே 317 மனு ஒன்றைக் கொடுத்து அன்றைய ஆஜரை மன்னிக்கக் கேட்பார். பெரும்பாலும் அனுமதிப்பார்கள். ஆனால் வக்கீல் மூலம் ஆஜராகும் எதிரிக்குத்தான் அந்தப் பிரிவு உதவும். நிரந்தரமாக ஆஜரிலிருந்து விலக்கு தரும் 205ஆம் பிரிவும் 'வக்கீல் மூலம் ஆஜராகலாம்' என்றுதான் சொல்கிறது. வக்கீல் இல்லாதவருக்கு இரண்டு கதவும் மூடியிருக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவரே நேரில் வர வேண்டும். பட்டறைக்காரர் மறுவாரம் சரணடைந்து, பிடியாணையை ரத்து செய்ய மனுப் போட்டு, அன்று முழுவதும் நீதிமன்றத்திலேயே உட்கார்ந்திருந்தார். (இவை பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் எண்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 317 என்பது 355, 205 என்பது 228. உள்ளடக்கம் பெரிதாக மாறவில்லை.)

இனி குறுக்கு விசாரணை. கையெழுத்து தன்னுடையது என்று எதிரி ஒப்புக்கொண்டால், கடனுக்காகத்தான் காசோலை கொடுக்கப்பட்டது என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். நிரப்பாத காசோலையில் போட்ட கையெழுத்துக்கும் இது பொருந்தும் என்று 2019இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த அனுமானத்தை உடைக்க, சந்தேகத்துக்கு இடமில்லாமல் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு குறைவு என்று காட்டினால் போதும். அதை எதிரி கூண்டேறிச் சாட்சி சொல்லாமல், புகார்தாரர் வாயிலிருந்தே வரவழைக்கலாம். அதற்கு நல்ல வழி, கடன் கொடுக்கும் வசதி அவருக்கு இருந்ததா என்று தோண்டுவது.

பட்டறைக்காரருக்கு இது உள்ளுணர்வாகவே தெரிந்திருந்தது. அவருடைய முதல் கேள்வி அருமையானது: "உங்க சம்பளம் மாசம் 9,000 தானுங்களே?" பதில்: "ஆம்." நான் அங்கே இருந்திருந்தால் அடுத்து வருமான வரிக் கணக்கைக் கேட்டிருப்பேன், பிறகு வங்கிக் கணக்கை. பணம் எங்கிருந்து வந்தது என்பது நோட்டீசிலோ புகாரிலோ சொல்லப்பட்டிருக்கிறதா என்றும் கேட்டிருப்பேன். மூன்றுக்கும் "இல்லை" என்ற பதில்தான் வந்திருக்கும், ஏனென்றால் கட்டில் அப்படி எதுவுமே இல்லை. இவர் கேட்டதோ, "அப்புறம் எப்படி உனக்கு மூணரை லட்சம் வந்துச்சு?" கதவைத் திறந்துவிட்டது போலாயிற்று. மனைவியின் நகையை விற்றேன், மாமனார் நிலம் விற்ற பணமும் இருந்தது என்று சாட்சி சொன்னார். அப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நகைக்கடை ரசீது எங்கே, கிரயப் பத்திரம் எங்கே என்று கேட்டிருந்தால் அந்தப் பதிலே புகார்தாரருக்குச் சுமையாகியிருக்கும். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்தில் வந்ததுதான் அந்தக் கேள்வி: "நான் வாங்கின பணத்தை வட்டியோட திருப்பிக் கொடுத்தேனா இல்லையா, உன் மனசாட்சியத் தொட்டுச் சொல்லு!"

அவர் மனதில் கணக்குப்பிள்ளையும் முதலாளியும் ஒரே ஆள். வாங்கியது முதலாளியிடம், கட்டியதும் முதலாளியிடம். ஆனால் கேட்டது கணக்குப்பிள்ளையை. நம் நீதிமன்றங்களில் சாட்சியத்தைக் கேள்வி பதிலாக எழுதுவது அபூர்வம். கேள்வியைப் பதிலோடு சேர்த்து, சாட்சி சொன்ன வாக்கியமாகவே எழுதுவார்கள். "நான் வாங்கின பணம்" என்று கேட்டது "எதிரி என்னிடம் வாங்கிய பணம்" என்று பதிவானது. அனுமானத்தை உடைக்க வேண்டியவர், கடன் வாங்கியதைத் தானே ஒப்புக்கொண்டார். இந்தக் கேள்வியைக் கேள்வி பதில் வடிவிலேயே பதிவு செய்யுங்கள் என்று அந்த இடத்திலேயே நடுவரிடம் கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. பதிவானதைப் படித்துக்காட்டியபோதும் அவர் காதில் விழுந்தது "சரியல்ல" என்ற பொய் மட்டும்தான், அதற்கு முன்னால் இருந்த சொற்கள் அல்ல.

வக்கீல் போடும் கேள்விகூட சில சமயம் கட்சிக்காரரைக் கட்டிப்போடும். 2023இல் பாலு சுதாம் கால்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகவே பேசியது. ஆனாலும் வக்கீல் தவறாகக் கேட்டுவிட்டால், அது என் கட்சிக்காரர் சொன்னதல்ல என்று வாதாட ஒரு சிறு இடைவெளி இருக்கும். கேட்டவரே எதிரி என்றால் அந்த இடைவெளியும் போய்விடும். மௌனமாக இருக்கும் உரிமையை அரசியல் சட்டம் அவருக்குத் தந்திருக்கிறது. குறுக்கு விசாரணை செய்ய எழுந்து நின்ற நொடியிலிருந்து அவரால் அதைப் பயன்படுத்த முடிவதில்லை. தானே ஆஜராவதில் இருக்கும் ஆபத்துகளில் இதையே பெரிதென்பேன். சட்டம் தெரியாததைக்கூட நடுவர் ஓரளவு பொறுத்துக்கொள்வார், தானே ஓரிரு கேள்வி போட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளவும் அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் பதிவாகிவிட்ட சொல்லை அவராலும் அழிக்க முடியாது.

பிறகு நோட்டு. 313ஆம் பிரிவின் கீழ் கேள்வி கேட்டு முடித்ததும் நடுவர் "உங்கள் தரப்பில் சாட்சி உண்டா?" என்று கேட்டிருக்கிறார். "சாட்சி யாரும் இல்லைங்க" என்றார் இவர். சாட்சி என்றால் இன்னொரு ஆள் என்று நினைத்திருக்கிறார். 'எதிரி தரப்பில் சாட்சி இல்லை' என்று பதிவாகி வழக்கு வாதத்துக்குப் போனது. வாதத்தன்று சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து உயர்த்திக் காட்டினாராம். குறியீடு செய்யப்படாத காகிதம் வாதத்தில் வெறும் காகிதம்தான். 315ஆம் பிரிவின்படி எழுத்தில் கேட்டு, தானே சாட்சிக் கூண்டேறி, நோட்டை ஆவணமாகக் குறியீடு செய்து, குறுக்கு விசாரணைக்கும் உட்பட்டிருக்க வேண்டும். பைனான்ஸ்காரருக்குச் சம்மன் அனுப்பக் கேட்டு, சுருக்கெழுத்து அவருடையதா என்றும் கேட்டிருக்கலாம்.

ஆறு மாதம் சாதாரண சிறை, 3,50,000 இழப்பீடு. ஏற்கெனவே பிணையில் இருப்பவர் மூன்றாண்டுக்கு மேற்படாத தண்டனை பெற்றால், மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொல்லி அதே நீதிமன்றத்தில் உடனே தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கலாம். மனுவும் ஜாமீன்தாரர்களும் அன்றே தயாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாலை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். இவர் வெறுங்கையோடு போயிருந்தார். அங்கிருந்த இளம் வக்கீல் ஒருவர் இரங்கி ஒரு மனுவை எழுதிக் கொடுத்ததால் வீட்டுக்கு வந்தார். மேல்முறையீட்டுக்கு 30 நாள் கெடு. அதற்குள் என்னிடம் வந்தார்.

2018 திருத்தத்துக்குப் பிறகு மேல்முறையீட்டில் இழப்பீட்டில் குறைந்தது 20 சதவீதத்தைக் கட்டச் சொல்லலாம். 70,000 கட்டினார். நோட்டைக் கூடுதல் சாட்சியமாக ஏற்கும்படி 391ஆம் பிரிவில் மனுப் போட்டேன். விசாரணையின்போதே கையில் இருந்த ஆவணத்தை ஏன் தாக்கல் செய்யவில்லை என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மனு தள்ளுபடி. அந்த ஒற்றை வரியைச் சுற்றி எவ்வளவு வாதாடினாலும் நீதிபதி மறுபடி அதற்கே வந்தார். முதலிலிருந்தே வக்கீல் இருந்திருந்தால் விடுதலைதான் என்று சொல்ல மாட்டேன். வெறும் கையெழுத்துக் காசோலை வழக்கு யாருக்குமே கடினம். ஆனால் 9,000 ரூபாய்ச் சம்பளம் என்ற பதில் கையில் இருந்தபோது, அது போராடக்கூடிய வழக்காக இருந்தது.

கடைசியில் சமரசம்தான். கட்டிய 70,000 உட்பட 2,25,000க்கு எதிர்த்தரப்பு இறங்கி வந்தது. அப்போதைய தாமோதர் பிரபு தீர்ப்பின்படி, மேல்முறையீட்டில் சமரசமானால் காசோலைத் தொகையில் 15 சதவீதம் சட்டப்பணிகள் ஆணையத்துக்குக் கட்ட வேண்டும். அது 52,500. கூட்டு மனுவில் நான் ஒரு பத்தியைச் சேர்த்தேன். பைனான்ஸ்காரரிடம் இருக்கும் இரண்டாவது காசோலையின் எண்ணைக் குறிப்பிட்டு, அதன்மீது எந்த உரிமையும் கோருவதில்லை என்று அவரையும் அழைத்துக் கையெழுத்து வாங்கி, அந்தத் தாளையும் திரும்பப் பெற்ற பிறகுதான் பட்டறைக்காரரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.